நான்கு நாள் விடுமுறை, மூன்று வாரத் தாமதம்

மட்டக்களப்பில் கைத்தறித் துணிகளைத் தைத்து, துவைத்து, பெட்டியில் அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறிய பணிமனை ஒன்றில் நான் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. 2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர், ஜேர்மனியில் ஹம்பேர்க் நகரில் உள்ள எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு நான் இரண்டு கடிதங்கள் எழுதினேன். முதலாவது மூன்று வரி. இரண்டாவதை எழுத எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது. அந்த மூன்று வரியில் என்ன பிழை இருந்தது என்பதையே இங்கு எழுதப் போகிறேன்.

மார்ச் 6ஆம் திகதி அனுப்பிய முதற் கடிதத்தின் சாரம் இது: "தமிழ், சிங்களப் புத்தாண்டை முன்னிட்டு ஏப்ரல் 12 முதல் 15 வரை எங்கள் பணிமனை மூடப்பட்டிருக்கும். அந்நாட்களில் பதில் தரத் தாமதமாகலாம். உங்களுக்கு எங்கள் புத்தாண்டு வாழ்த்துகள்." அவரும் நன்றி கூறி, நல்ல விடுமுறையாக அமையட்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்தப் பதிலை வாசித்தபோது அறிவிக்க வேண்டியதை அறிவித்துவிட்டோம் என்ற நிம்மதி எனக்கு. உண்மையில் அவர் அறிந்துகொண்டது, நான்கு நாள் என் மின்னஞ்சல் வராது என்பதை மட்டுமே. அவருடைய 1,200 துவாய்கள் எந்தக் கப்பலில் ஏறும், எப்போது கடைக்கு வரும் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இருக்கவில்லை. எனக்கே அது தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கட்டளை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சமையலறையில் கை துடைக்கும் பருத்தித் துவாய்; 50 சென்ரிமீற்றர் அகலம், 70 சென்ரிமீற்றர் நீளம். சிவப்புக் கோடு, கறுப்புக் கோடு, நீலக் கோடு என்று மூன்று நிறங்கள், நிறத்துக்கு 400. துணி மருதமுனையில் பத்துத் தறிகளில் நெய்யப்படும். அங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவிலுள்ள எங்கள் பணிமனைக்கு வந்து, துவைத்துச் சுருக்கம் எடுத்து, விளிம்பு மடித்துத் தைத்து, அழுத்தி, பெட்டிக்கு ஐம்பதாக 24 பெட்டிகளில் அடைபடும். பிறகு இரவு லொறியில் கொழும்புக்குப் போகும். எங்கள் சரக்கு ஒரு கொள்கலனை நிரப்பப் போதாது என்பதால், பலருடைய பொருட்களை ஒரே கொள்கலனில் சேர்த்து அனுப்பும் முகவரின் களஞ்சியத்தில் அதை ஒப்படைப்போம். அந்தக் களஞ்சியம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலுடன் பொருள் ஏற்பதை நிறுத்திவிடும். இதைத்தான் எல்லோரும் கட்-ஓஃப் என்கிறார்கள். கப்பல் அடுத்த செவ்வாய்க்கிழமை புறப்படும். ஹம்பேர்க் போய்ச் சேர 36 நாள் என்று முகவர் சொல்லியிருந்தார். 2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து செங்கடல் வழி ஆபத்தாகிப் பெரும்பாலான கப்பல்கள் அப்போது ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதால் வந்த கணக்கு அது.

ஜனவரியில் நாங்கள் உறுதிசெய்த திட்டத்தின்படி ஏப்ரல் 10, வியாழக்கிழமை கட்-ஓஃப். ஏப்ரல் 15 கப்பல். மே 21 ஹம்பேர்க் துறைமுகம். துறைமுகத்தில் கொள்கலனைப் பிரித்து, சுங்கம் முடித்து, கடைக்குக் கொண்டு சேர்க்க இன்னும் ஒரு வாரம் வேண்டும். மே மாத இறுதியில் அவர் தன் கடையில் இவற்றைக் காட்சிக்கு வைப்பதாக இருந்தார். புத்தாண்டுக்கு முன்பே பொருள் கொழும்பில் ஒப்படைக்கப்பட்டுவிடும் என்பதால் விடுமுறைக்கும் இந்தக் கட்டளைக்கும் தொடர்பே இல்லை என்று நான் நம்பியிருந்தேன். பண்டிகை என்றால் எனக்கு ஏப்ரல் 14ஆம் திகதிதான். மருதமுனையில் பண்டிகை மார்ச் 2ஆம் திகதி, முதல் நோன்புடனேயே தொடங்கிவிட்டது என்பது என் நாட்காட்டியில் இருக்கவில்லை.

மருதமுனைத் தறிகள் சாதாரண நாளில் காலையிலிருந்து மாலை வரை ஓடும். தறிக்கு எட்டுத் துவாய் வீதம் பத்துத் தறிக்கு நாளொன்றுக்கு 80 துவாய் கிடைக்கும். நோன்பு காலத்தில் வேலை காலை ஏழு மணிக்குத் தொடங்கி நண்பகல் தாண்டியதும் நின்றுவிடும். தண்ணீர்கூட அருந்தாமல் காலால் மிதித்துக் கையால் நாடா எறிகிற வேலை அது. தறிக்கு ஐந்து துவாய் கிடைத்தால் பெரிய காரியம். ஆகவே 80 என்பது 50 ஆகும். 15 நாளில் முடியவேண்டிய நெசவு 24 வேலைநாட்களை எடுக்கும். வெள்ளிக்கிழமை விடுமுறையைக் கழித்து மார்ச் 3இலிருந்து எண்ணினால் 24ஆவது வேலைநாள் மார்ச் 30இல் விழும். அது பெருநாளுக்கு முதல் நாளாக இருக்கக்கூடிய தினம். காகிதத்தில் கணக்குச் சரியாக வருகிறது. நிலத்தில் அப்படி ஒரு நாள் கிடையாது.

மார்ச் 24, திங்கட்கிழமை காலை நான் பஸ் ஏறி மருதமுனைக்குப் போனதற்குக் காரணம், தொலைபேசியில் "போய்க்கொண்டிருக்குது" என்ற ஒரே பதில் மூன்று முறை கிடைத்ததுதான். தறிகளை மேற்பார்க்கும் நானா என்னைக் கண்டதும் சொன்ன முதல் வசனம் இன்னும் நினைவில் இருக்கிறது: "தங்கச்சி, கடைசிப் பத்தில தறிச் சத்தத்தைக் கணக்கில சேர்க்காதீங்க."

நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் இரவு வணக்கம் நீளும். இருபத்தேழாம் இரவுக்குப் பிறகு எவரும் தறியில் அமர்வதில்லை. அதோடு, பெருநாளுக்கு உள்ளூரிலேயே சாரனும் சேலையும் கேட்டு வருபவர்கள் அதிகம். இரண்டு தறிகள் இடையில் சில நாட்கள் அந்த வேலைக்குப் போய்த் திரும்பியிருந்தன. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆண்டில் ஒரு முறை நல்ல விலை கிடைக்கிற சந்தையை, 36 நாள் கடல் தாண்டி இருக்கிற ஒருவருக்காக யார் விடுவார்?

துணிச் சுருள்களை அவிழ்த்து நாங்கள் இருவரும் எண்ணினோம். 860 துவாய்க்கான துணி இருந்தது. "இருபத்தாறாம் திகதி பின்னேரத்தோட நிப்பாட்டுவம். ஆயிரம் வரும். மிச்சம் இருநூறு பெருநாள் கழிச்சு" என்றார் நானா. பெருநாள் எப்போது என்று கேட்டேன். "பிறை கண்டால் 31, காணாட்டி ஒண்ணாம் திகதி" என்றார். நெசவாளர்கள் மீண்டும் தறிக்கு வருவது ஏப்ரல் 7, திங்கட்கிழமை. மீதி 200ஐ நெய்ய மூன்று நாள். அதாவது ஏப்ரல் 9 மாலை.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸிலேயே கணக்கை நாள் நாளாக எழுதிப் பார்த்தேன். முழுத் துணியும் ஒன்றாக வந்து சேரும் வரை காத்திருந்தால், எங்கள் பணிமனை வேலை ஏப்ரல் 10ஆம் திகதிதான் தொடங்கும். துவைப்பிலிருந்து பெட்டி வரை ஆறு வேலைநாட்கள் வேண்டும். ஏப்ரல் 10, 11 என்று இரண்டு நாள் கிடைக்கும். 12ஆம் திகதி சனிக்கிழமை போயா, 13 ஞாயிறு, 14 புத்தாண்டு. 16ஆம் திகதி புதன்கிழமை பணிமனை திறப்பதாக நான் அறிவித்திருந்தேன். ஆனால் எங்களிடம் தைக்கும் பெண்களில் பாதிப் பேர் படுவான்கரைப் பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். வருடம் பிறந்தால் கைவிசேடம் வாங்க வேண்டும், பெரியவர்களைப் பார்க்கப் போக வேண்டும், நல்ல நாள் பார்த்துத்தான் மெசினில் கைவைக்க வேண்டும். இன்னும் சிலர் கத்தோலிக்கர்கள். அந்த ஆண்டு 17 பெரிய வியாழன், 18 பெரிய வெள்ளி, 20 உயிர்த்த ஞாயிறு. ஆக, 16ஆம் திகதி கதவைத் திறக்கலாம், மெசின் ஓடாது. வேலை உண்மையாகத் தொடங்குவது ஏப்ரல் 21, திங்கட்கிழமை. மீதி நான்கு நாள் 21, 22, 23, 24. இருபத்துநாலாம் திகதி மாலை பெட்டி தயார்.

இருபத்துநாலாம் திகதி வியாழக்கிழமை. அன்று நண்பகல்தான் கட்-ஓஃப். ஆறு மணித்தியாலத்தால் தவறவிட்ட கட்-ஓஃபுக்கும் ஆறு நாளால் தவறவிட்ட கட்-ஓஃபுக்கும் கடலில் வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் ஒரு வாரம்தான் விலை. அடுத்த வியாழன் மே 1, தொழிலாளர் தினம். கட்-ஓஃப் ஒரு நாள் முன்தள்ளி ஏப்ரல் 30 ஆகிறது. கப்பல் மே 6. ஹம்பேர்க் ஜூன் 11. மே 21இல் வரவேண்டிய பொருள் ஜூன் 11இல் வருகிறது. நான் அறிவித்தது நான்கு நாள் விடுமுறை. அவருக்குக் கிடைக்கப் போவது மூன்று வாரத் தாமதம்.

மூன்று வரிக் கடிதத்தின் பிழை எனக்கு அந்த பஸ்ஸில்தான் விளங்கியது. எங்கள் கதவு மூடியிருக்கும் நாளைச் சொன்னேன். அவருடைய பொருளுக்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்லவில்லை. கதவு மூடும் நாளுக்கும் பொருள் வந்துசேரும் நாளுக்கும் நடுவில் நெசவு, துவைப்பு, லொறி, களஞ்சியம், கப்பல் என்று ஐந்து கைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பண்டிகை, தனித்தனி நேரம். லொறிக்காரர் ஏப்ரல் 11 இரவுக்குப் பிறகு வரமாட்டார். பெரிய வெள்ளி நம் நாட்டில் அரச விடுமுறை, வங்கி விடுமுறை, ஆனால் வர்த்தக விடுமுறை அல்ல. ஆகவே முகவரின் அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பார்கள், பத்திரத்தை முடிக்கும் அரச அலுவலகம் திறந்திருக்காது. நாட்காட்டியில் ஒரு திகதியைப் பார்த்து 'விடுமுறை' என்று எழுதுவதற்கு முன், அது எவருடைய விடுமுறை என்று பார்க்க வேண்டியிருக்கிறது. புத்தாண்டை ஒட்டி அரசாங்கம் பின்னால் ஒரு சிறப்பு விடுமுறையைச் சேர்ப்பதும் உண்டு என்பதால், நான் இப்போது விடுமுறைக்கு அடுத்த நாளை எந்த வாக்குறுதிக்கும் பயன்படுத்துவதில்லை.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. இருபத்தாறாம் திகதி கிடைக்கும் 1,000 துவாய்க்கான துணியை உடனே மட்டக்களப்புக்கு எடுத்து வந்தால், மார்ச் 27 முதல் ஏப்ரல் 9 வரை எங்களுக்குத் தாராளமாக நாள் இருக்கிறது. அந்த 1,000 பழைய திட்டப்படியே ஏப்ரல் 15 கப்பலில் ஏறலாம். மீதி 200 மட்டும் பின்னால் போகும். ஆனால் இதை நாங்களாகவே முடிவுசெய்ய முடியாது. கட்டளை 1,200க்கு, குறைவாக அனுப்புவதற்கு அவர் சம்மதிக்க வேண்டும். கப்பல் கட்டணமும் அவருடையது. இப்படிக் கொள்கலனில் இடம் பகிரும் முறையில், பொருள் ஒரு கனமீற்றருக்குக் குறைவாக இருந்தாலும் ஒரு கனமீற்றருக்கே கட்டணம். எங்கள் 24 பெட்டிகளும் சேர்ந்தே ஒரு கனமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே நான்கு பெட்டியைத் தனியே அனுப்பினால், 24 பெட்டிக்குக் கொடுத்த அதே தொகையை இன்னொரு முறை கொடுக்க நேரும். 'மீதியைப் பிறகு அனுப்புகிறோம்' என்ற சுலபமான வசனத்துக்குள் அவருக்கு அப்படி ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால், பின்னர் பட்டியல் கைக்கு வரும்போது அவர் அதைத் தெரிந்துகொள்வார். அது நல்ல முறையில்லை.

மார்ச் 25ஆம் திகதி மாலை அனுப்பிய இரண்டாவது கடிதம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதன் உள்ளடக்கத்தைத் தமிழில் தருகிறேன்.

"உங்கள் 1,200 துவாய்களில் 1,000 மட்டுமே திட்டமிட்ட ஏப்ரல் 15 கப்பலில் ஏற முடியும். நெசவாளர்களின் நோன்பு மாதத்தில் உற்பத்தி குறையும் என்பதை நான் ஜனவரியில் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டேன், மன்னிக்கவும். உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது: 1,000 துவாய்கள், 20 பெட்டிகள், ஏப்ரல் 10 வியாழக்கிழமை (15ஆவது வாரம்) கொழும்புக் களஞ்சியத்தில் ஒப்படைக்கப்படும், மே 21 புதன்கிழமை (21ஆவது வாரம்) ஹம்பேர்க் துறைமுகத்தை அடையும் என எதிர்பார்க்கிறோம், மீதி 200 உங்கள் அடுத்த கட்டளையுடன் வரும், அவற்றுக்கு இப்போது பணம் கேட்கமாட்டோம். இரண்டாவது: 1,200உம் ஒன்றாக மே 6 கப்பலில், ஜூன் 11 புதன்கிழமை (24ஆவது வாரம்) துறைமுகம். 200ஐ மட்டும் தனிக் கப்பலில் அனுப்பலாம். ஆனால் கட்டணம் முழுச் சரக்குக்கு உரியதே என்பதால் அதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. மார்ச் 27 வியாழக்கிழமை, உங்கள் நேரம் நண்பகல் 12.30க்குள் உங்கள் முடிவைத் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் முதலாவது வழிப்படி வேலையைத் தொடங்குவோம்."

அதன் கீழேதான் விடுமுறை வந்தது. "மருதமுனைத் தறிகள் மார்ச் 27 முதல் ஏப்ரல் 6 வரை நிற்கும். எங்கள் பணிமனை ஏப்ரல் 12 முதல் 20 வரை மூடப்பட்டு, ஏப்ரல் 21 திங்கட்கிழமை திறக்கப்படும். அன்று உங்கள் நாட்டில் விடுமுறை என்பதால், உங்கள் ஏப்ரல் 22 காலைக்கு முன் எங்கள் அறிக்கை உங்களிடம் இருக்கும்." மார்ச் 6 கடிதத்தில் சொன்ன திகதிகள் இதனால் மாற்றப்படுகின்றன என்று ஒரு வரியும் சேர்த்தேன். பழைய கடிதத்தை ரத்துச்செய்யாமல் புதிய திகதியை மட்டும் சொன்னால், வாடிக்கையாளரின் கோப்பில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். எது செல்லும் என்று அவரே தீர்மானிக்க நேரும்.

அடைப்புக்குள் வாரத்தின் எண்ணைக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. ஜேர்மன் வியாபாரிகள் ஆண்டின் வாரங்களை எண்ணிப் பேசுகிறவர்கள்; களஞ்சியத்தில் இடம் ஒதுக்குவதும் ஆளை நிறுத்துவதும் வார எண்ணில்தான் நடக்கிறது. திகதியை நான் எப்போதும் கிழமையோடும் மாதத்தின் பெயரோடும் எழுதுகிறேன். 10/4 என்று எழுதினால் அதை ஒக்டோபர் 4 என்று வாசிக்கிற நாட்டுக்காரர்களும் நம் வாடிக்கையாளர்களில் இருக்கிறார்கள். கிழமை இருந்தால் அந்தத் தவறு அங்கேயே பிடிபடும். பண்டிகை என்ன, ஏன் கொண்டாடுகிறோம் என்ற விளக்கத்தை முதற் கடிதத்தில் ஒரு பந்தியாக எழுதிப் பின்னர் வெட்டியிருந்தேன். இரண்டாவதில் அந்த ஆசையே எழவில்லை. பெருநாளுக்கு மட்டும் ஒரு வரி தேவைப்பட்டது: பிறை தென்படுவதைப் பொறுத்து அது மார்ச் 31 அல்லது ஏப்ரல் 1, ஆனால் மேலே சொன்ன எந்தத் திகதியும் அதனால் மாறாது. இந்தப் பின்பாதி முக்கியம். திகதி நிச்சயமில்லை என்று மட்டும் சொன்னால், வாசிப்பவர் எல்லாத் திகதிகளையும் ஐயப்படத் தொடங்குவார்.

பதில் மறுநாளே வந்தது. நான் எதிர்பார்த்த ஆம், இல்லை அல்ல, ஒரு கேள்வி. "அந்த 1,000இல் எந்த நிறம் எத்தனை?"

அவர் அந்தத் துவாய்களைத் தனித்தனியாக விற்பதில்லை. சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று மூன்றைக் கட்டி ஒரு தொகுதியாக விற்கிறார். இது எனக்குத் தெரியும். அவருடைய அட்டைப் பட்டியை அச்சடித்துச் சுற்றுவதே எங்கள் பணிமனையில்தான். தெரிந்தும் கடிதத்தில் எண்ணை மட்டும் எழுதினேன். கோடு விழுவது பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் பூட்டும் நூலில் என்பதால் மருதமுனையில் ஒரு நிறத்தின் பாவைப் பூட்டினால் அது தீரும்வரை அந்த நிறம்தான் நெய்யப்படும். சிவப்பும் கறுப்பும் முடிந்து, கடைசியாக நீலம் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே குறைகிற 200உம் நீலம். 400 சிவப்பு, 400 கறுப்பு, 200 நீலம். என் கணக்கில் பொருளின் ஆறில் ஐந்து பங்கு நேரத்துக்குப் போகிறது. அவருடைய கடையில் 400 தொகுதிகளுக்குப் பதிலாக 200 தொகுதிகள்தான் இருக்கும், பாதி. தாமதத்தை அறிவிக்கும்போது வாடிக்கையாளர் எந்த அலகில் விற்கிறாரோ அந்த அலகில் சொல்ல வேண்டும் என்பது, எனக்கு அந்த ஒரு கேள்வியால் கிடைத்த பாடம்.

நிற விவரத்தை அனுப்பினேன். 27ஆம் திகதி காலை அவர் முதலாவது வழியைத் தெரிவுசெய்தார்: 200 மூன்று துவாய்த் தொகுதிகள், மீதிச் சிவப்பையும் கறுப்பையும் சேர்த்து 200 இரண்டு துவாய்த் தொகுதிகள். இரண்டு துவாய்க்கான புதிய அட்டைப் பட்டியின் வடிவத்தை அன்றே அனுப்பினார். மட்டக்களப்பில் அதை அச்சடிக்க எங்களுக்கு ஆறு நாள் இருந்தது. நான் அந்தக் கடிதத்தை ஒரு வாரம் பிந்தி எழுதியிருந்தால், அச்சகமும் புத்தாண்டு வேலையில் மூழ்கியிருக்கும், 200 சோடிகளும் பட்டியில்லாமலே போயிருக்கும்.

வேலை நேர மாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் நான் செய்யவிருந்த தவறு சிறியது, ஆனால் வேடிக்கையானது. ஏப்ரல் 7 முதல் 11 வரை, ஊழியர்கள் புத்தாண்டுக் கடைக்குப் போக வசதியாக, காலை 8 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மட்டும் வேலை என்று முதலாளி முடிவுசெய்தார். அதை அப்படியே எழுதி அனுப்ப இருந்தேன். ஐரோப்பாவில் மார்ச் 30ஆம் திகதி கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளிவிட்டார்கள். அதுவரை ஹம்பேர்க்குக்கும் நமக்கும் நான்கரை மணித்தியால வித்தியாசம். அதன் பிறகு மூன்றரை. நம்முடைய 8 முதல் 2 வரை என்பது அவர்களுக்கு அதிகாலை 4.30 முதல் காலை 10.30 வரை. ஒன்பது மணிக்குக் கடை திறக்கிற ஒருவருக்கு ஒன்றரை மணித்தியாலம்தான் மிஞ்சும். அதுவும் கட்-ஓஃப் வாரத்தில், பத்திரங்களில் ஒரு திருத்தம் என்றாலும் உடனே பேச வேண்டிய வாரத்தில்.

தையல் பகுதி 8 முதல் 2 வரை இருக்கட்டும், நான் மட்டும் 11 முதல் 5 வரை இருக்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டேன். "நீங்க எப்ப வந்தாலும் சரி பிள்ளை, லொறி ஒன்பதாம் திகதி வெளிக்கிட வேணும்" என்றார். ஹம்பேர்க் வாடிக்கையாளருக்கு அனுப்பிய அறிவிப்பில் எங்கள் நேரத்தையே எழுதவில்லை: "ஏப்ரல் 7 முதல் 11 வரை உங்கள் நேரம் காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை என்னுடன் பேசலாம்." மெல்பேர்ணில் உள்ள இன்னொரு வாடிக்கையாளருக்கு வேறு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அங்கே ஏப்ரல் 6ஆம் திகதி கடிகாரம் பின்தள்ளப்பட்டது. ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருந்தவர்கள் நான்கரைக்கு வந்தார்கள். எனது 11 மணி அவருக்குப் பிற்பகல் 3.30. அவருக்கு எங்கள் பணிமனையின் சுருக்கிய நேரமே நன்றாகப் பொருந்தியது. காலை எட்டு மணிக்கு வருகிற என் சக ஊழியரின் பெயரை அவருக்குக் கொடுத்தேன். ஒரே கடிதத்தை எல்லோருக்கும் பிரதி அனுப்பும் வழக்கத்தை அந்த வாரத்தோடு விட்டுவிட்டேன்.

விடுமுறை நாட்களில் தானாகப் போகும் மின்னஞ்சல் பதிலையும் மாற்றினேன். முன்னர் அதில் 'விடுமுறை முடிந்ததும் தொடர்புகொள்கிறோம்' என்று இருந்தது. வாசிப்பவருக்கு அந்த முடிவு எப்போது என்று தெரியாது. இப்போது திறக்கும் நாளும், கப்பலில் இருக்கும் சரக்கைப் பற்றிய கேள்வியென்றால் முகவரிடம் நேரே கேட்க அவருடைய முகவரியும் இருக்கின்றன. அந்த ஒன்பது நாளில் ஹம்பேர்க்கிலிருந்து ஒரே ஒரு மின்னஞ்சல் வந்தது. கப்பல் புறப்பட்டதா என்று கேட்டிருந்தார். அதை முகவரிடமும் அனுப்பி, அவரே பதில் பெற்றுக்கொண்டார்.

லொறி ஏப்ரல் 9 இரவு வெளிக்கிட்டது. 20 பெட்டிகளும் 10ஆம் திகதி காலை பத்து மணிக்குள் களஞ்சியத்தில் இறங்கின. கப்பல் ஒரு நாள் பிந்தி 16ஆம் திகதி புறப்பட்டது. அது எங்கள் கையில் இல்லை. இருபத்தோராம் திகதி பணிமனை திறந்த முதல் மணித்தியாலத்தில், தையல் மெசினில் பூவும் விபூதியும் வைத்துக்கொண்டிருந்தபோதே, நான் அவருக்குக் கப்பலின் பெயரையும் புதிய வருகைத் திகதியான மே 22ஐயும் எழுதினேன்.

மே மாத நடுவில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் இரண்டாவது கடிதத்தின் அமைப்பிலேயே அதை எழுதியிருந்தார்: முதல் வசனத்தில் எங்களுக்கு என்ன மாறுகிறது, பிறகு திகதிகள், கடைசியில் அவருடைய விடுமுறை. கோடைக்காக 30, 31, 32ஆவது வாரங்களில் அவர்களுடைய களஞ்சியம் பொருள் ஏற்காது. அடுத்த கட்டளையும் அந்த 200 நீலத் துவாய்களும் 33ஆவது வாரத்திலோ அதற்குப் பிறகோ வந்தால் போதும். அதற்கு முந்தி வந்தால் துறைமுகத்தில் கிடக்கும் நாட்களுக்கு அவர் வாடகை கட்ட வேண்டும். 33ஆவது வாரம் ஓகஸ்ட் 11இல் தொடங்குகிறது. அங்கிருந்து 36 நாள் பின்னோக்கி எண்ணினேன்: ஜூலை 8, செவ்வாய்க்கிழமைக் கப்பல், ஜூலை 3, வியாழக்கிழமைக் கட்-ஓஃப், துணி மட்டக்களப்புக்கு வரவேண்டியது ஜூன் 24. பிறகு மருதமுனைக்குத் தொலைபேசி எடுத்து, திகதியைச் சொல்வதற்கு முன், ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் தறி எத்தனை நாள் நிற்கும் என்று நானாவிடம் கேட்டேன். இம்முறை அவர் உடனே சொன்னார்: "பெருநாளோட சேர்த்து ஆறு நாள் போடுங்க தங்கச்சி. நீலத்தை முதல்ல பூட்டுறன்."